தேதி பார்த்து மருந்தடிப்பதா, எண்ணிப் பார்த்தா? தொண்டிப் பக்கத்து நெல்லில் ஓர் ஒப்பீடு

தொண்டி, திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் நெல் பெரும்பாலும் நேரடி விதைப்பு. புழுதியில் விதை விழும். பருவமழையில் முளைத்துக் கண்மாய்த் தண்ணீரில் கதிர் முற்றும். பூச்சிக்கு இங்கே பலரும் செய்வது தேதி வைத்து அடிப்பது: களையெடுத்ததும் ஒன்று, தூர் கட்டும்போது ஒன்று, பூக்கும்போது ஒன்று. இன்னொரு வழி ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை. அதில் மருந்து உண்டு, ஆனால் கடைசியில்தான்.

தேதி வழிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. வீட்டு ஆண்கள் வளைகுடாவிலோ சென்னையிலோ இருக்க, கூலிக்கு ஆள் வைத்து நடக்கும் வயல்கள் இங்கே நிறைய. வாரந்தோறும் வயலுக்குள் இறங்க ஆளில்லாத இடத்தில் தேதி ஒன்றே பிடிமானம். ஆனால் அந்தப் பிடிமானம் எதைக் கெடுக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இலைச்சுருட்டுப் புழுவை எடுத்துக்கொள்வோம். தூர் கட்டும் பருவத்தில் இலை நீளவாக்கில் மடிந்து, வெள்ளைக் கோடுகளாகச் சுரண்டப்பட்டிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வயலே வெளுத்தாற்போல் தெரியும்; மனம் உடனே விசைத்தெளிப்பானைத் தேடும். எண்ணுகிறவர் வேறு மாதிரி செய்வார். வயலில் கோணல்மாணலாக நடந்து 10 இடங்களில் நின்று, இடத்துக்கு 10 தூர்களின் இலைகளைப் பார்ப்பார். 320 இலைகளில் 22 சுருண்டிருந்தால் 7 சதவீதத்துக்கும் கீழே. இந்தப் பருவத்துக்கான பொருளாதாரச் சேத நிலை 10 சதவீதம். அதாவது, அதைத் தாண்டினால்தான் இழக்கும் நெல்லின் மதிப்பு மருந்துச் செலவை மிஞ்சும். இப்போது அடிக்கத் தேவையில்லை. தூர் கட்டும் பயிர் புது இலை விட்டு இழப்பை ஈடு செய்துகொள்ளும். பூக்கும் பருவத்தில் மட்டும் கணக்கு இறுகும்: கொடி இலையில் 5 சதவீதம் போதும், ஏனென்றால் கதிருக்கு ஊட்டம் தருவதில் அந்த இலைக்குப் பெரும்பங்கு.

சுருண்ட இலையைப் பிரித்துப் பார்ப்பதும் எண்ணிக்கையின் பகுதிதான். உள்ளே வெளிர்பச்சைப் புழு துள்ளி ஓடினால் அது பிழைத்திருக்கிறது. வெறும் எச்சம் மட்டும் கிடந்தால், அல்லது ஒட்டுண்ணிக் குளவியின் கூட்டுப்புழு ஒட்டியிருந்தால், தெளிப்பதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை.

தேதி வழி இதே நாளில் சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்தை அடித்துவிட்டது என்று வையுங்கள். புழு சாகும், இலை தெளியும், அடித்தவருக்குத் திருப்தி. ஓநாய்ச் சிலந்தியும், தூரின் அடியில் சாறு குடிக்கும் புகையான் பூச்சியின் முட்டையை உறிஞ்சும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும் கூடவே சாகும். புகையானின் முட்டையோ இலையுறைத் தசைக்குள் பத்திரமாக இருக்கும். ஒரு வாரம் பத்து நாளில் குஞ்சு பொரித்து வெளியே வந்தால் தின்ன ஆளில்லாத வயல். கதிர் வரும் நேரத்தில் வயலில் வட்டம் வட்டமாகப் பயிர் கருகி நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1986-இல் இந்தோனேசிய அரசு நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்ததும் இந்தப் புகையான் பெருக்கத்தை ஒட்டித்தான்.

புகையானின் சேத நிலையிலேயே சிலந்திக்கும் இடம் உண்டு. சிலந்தி இல்லையென்றால் தூருக்கு 1 புகையான் வந்ததும் மருந்து. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். குத்து என்பது நடவு வயலில் ஓரிடத்தில் சேர்ந்து நிற்கும் தூர்கள்; நம் விதைப்பு வயலில் அப்படிப் பிரித்துக் காட்ட ஒன்றுமில்லை. ஓரடிச் சதுரத்தில் தூர்களைத் தட்டி, தண்ணீரில் விழுவதை எண்ணிச் சராசரி எடுப்பது நடைமுறைக்கு எளிது. பார்க்க வேண்டியது தூரின் அடிப்பகுதியை. மேலிலையில் தேடினால் ஏமாற்றம்தான்.

எண்ணுவதற்கு முந்தைய படியும் உண்டு: யூரியாவை ஒரே மூச்சில் கொட்டாமல் பிரித்து இடுவது, அளவான விதை, வரப்பைச் சுத்தமாக வைப்பது, 8 அடிக்கு ஒருமுறை ஓரடி இடைவெளி விடுவது. கைவிதைப்பில் இந்த இடைவெளி பெரும்பாலும் கனவுதான். வரிசை விதைப்புக்கு மாறினால் கிடைக்கும். சேத நிலை தாண்டிய பிறகும் இலைச்சுருட்டுக்கு முதலில் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு.

எண்ணும் வழி சறுக்கும் இடமும் இருக்கிறது. குருத்துப்பூச்சிக்கு, மணி பிடிக்காமல் வெளுத்து நிற்கும் வெண்கதிர் 2 சதவீதம் என்ற அளவு உண்டு. ஆனால் வெண்கதிர் தெரிந்தபோது அந்தக் கதிர் போனது போனதுதான், புழுவும் தண்டுக்குள். அங்கே முட்டைக் குவியலை எண்ண வேண்டும்: சதுர மீட்டருக்கு 2. வாரம் ஒருமுறை இறங்காதவருக்கு இது கண்ணில் படாது.

புகையானுக்கு அடித்தே ஆகவேண்டும் என்றால் தண்ணீரை வடித்துவிட்டுத் தூரின் அடியில் படும்படி அடிக்கச் சொல்வார்கள். மார்கழியில் கண்மாய் வற்றிக்கொண்டிருக்க, வயலில் நிற்கும் தண்ணீரை வடிக்க இங்கே யாருக்கு மனம் வரும்? அதனால்தான் வட்டம் ஒன்றிரண்டாகத் தொடங்கும்போதே கண்டுபிடிப்பது இந்த மாவட்டத்தில் இரட்டை லாபம்: அந்த இடத்தையும் சுற்றிலும் சில அடியையும் மட்டும், கடற்காற்று எழும்பும் முன் காலையில், அடியில் படும்படி அடித்தால் மீதி வயலின் தண்ணீரும் சிலந்தியும் தப்பும்.