காரைக்குடியில் வெளிநாட்டுப் பார்சல்: பெட்டி அளவில் ஏமாற்றுகிறார்கள், 3,950 ரூபாய் போச்சு

லண்டனில் இருக்கும் தங்கச்சிக்கு அனுப்பிய பார்சலில் 3,950 ரூபாய் பறிபோயிருக்கிறது. கடைப் பெயரை எழுதவில்லை. பல பெரிய கூரியர்களுக்கு ஏஜென்டாக இருந்து பார்சல் வாங்கி அனுப்பும் கடை, காரைக்குடியில். தீபாவளிக்குள் நம் ஊரிலிருந்து அனுப்பப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

உள்ளே இருந்தது ஒரு கண்டாங்கிச் சேலை, நாலைந்து ஓலைக் கொட்டான், தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம் எல்லாம் சேர்த்து மூன்று கிலோ பலகாரம். மொத்த மதிப்பு 3,900 ரூபாய். வீட்டிலேயே 40 × 30 × 22 செ.மீ. பெட்டியில் கட்டிக்கொண்டு போனோம். கடைக்காரர் எங்கள் கண் முன்னால் தராசில் வைத்தார். 5.2 கிலோ. "அரைக் கிலோ ஸ்லாப் அண்ணே, 5.5 போடுறேன், கிலோ 700, எல்லாம் சேர்த்து 3,850. 1,500 கஸ்டம்ஸ் டூட்டிக்குக் குடுத்துட்டா அங்க ஒரு பைசா கட்ட வேண்டாம்." தராசு முள் கண்ணெதிரே நிற்கும்போது யார் சந்தேகப்படுவார்கள்? "பேக்கிங் நாங்க ஸ்ட்ராங்கா பண்ணிடுவோம், ஃப்ரீ" என்றும் சொன்னார். அந்த ஃப்ரீ பேக்கிங்தான் முதல் கொள்ளை.

கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ. கணக்கில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். அதுதான் கன அளவு எடை. தராசு எடை, இந்த எடை, இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் காசு, அதையும் அடுத்த அரைக் கிலோவுக்கு உயர்த்தி. எங்கள் பெட்டியைப் பெருக்கினால் 26,400, வகுத்தால் 5.28. ஆக 5.5 சரியான கணக்கு. கடைக்காரர் பின்னால் கொண்டுபோய் வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டார்: 45 × 35 × 27. பக்கத்துக்கு 5 செ.மீ. தான் கூடியிருக்கிறது. பெருக்கினால் 42,525, வகுத்தால் 8.505. எட்டரையை ஐந்து கிராம் தாண்டியதற்கு 9 கிலோ ஸ்லாப்! தராசில் ஏறாத காற்றுக்கு மூன்றரைக் கிலோ, 2,450 ரூபாய்.

பார்சல் கிளம்பிய பிறகுதான் போன் வந்தது. "ஹப்ல வெயிட் கூட வந்திருச்சு, 2,450 கட்டினாத்தான் நகரும், இல்லேன்னா ரிட்டர்ன் சார்ஜ்." பலகாரம் வழியில் கிடக்கிறதே என்று கட்டினோம். பெட்டியை மாற்றியது யார் என்று கேட்டால் "சிஸ்டம்ல அப்படித்தான் காட்டுது". ஹப்பில் அளந்த போட்டோ கேட்டால் "ஓனர் வெளியூர்". அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது.

இரண்டாவது கொள்ளை அந்த 1,500. பிரிட்டனில் தனி ஆள் தனி ஆளுக்கு அனுப்பும் அன்பளிப்பு 39 பவுண்டுக்குள் இருந்தால் வாட் வரி கிடையாது. 135 பவுண்டு வரை சுங்க வரியும் கிடையாது. 3,900 ரூபாய் 39 பவுண்டைத் தொடவே தொடாது. கட்ட வேண்டிய டூட்டியே இல்லாத பார்சலுக்கு டூட்டி வாங்கியிருக்கிறார்கள். அதோடு விட்டார்களா? சுங்கப் படிவத்தில் அனுப்புநர் என்று கடையின் கம்பெனிப் பெயரைப் போட்டு, அன்பளிப்பு என்றே குறிக்காமல் விட்டிருக்கிறார்கள். கம்பெனி அனுப்பினால் அது வியாபாரச் சரக்கு, அன்பளிப்புச் சலுகை போய்விடும். தங்கச்சியிடம் வாசலில் வாட்டும் கூரியர்காரரின் கையாளும் கட்டணமும் கேட்டு வாங்கிவிட்டார்கள். அது இந்த 3,950-இல் சேராது. ரசீதைக் காட்டி 1,500-ஐத் திருப்பிக் கேட்டதற்கு "அது அந்த நாட்டு ரூல் அண்ணே" என்று போனை வைத்துவிட்டார். அந்த நாட்டு ரூல் அவருக்குத் தெரியாமலா படிவத்தை நிரப்பினார்!

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் கை ஓடவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். கடைசியாக டேப் ஒட்டிய பெட்டியை, புடைத்திருக்கும் இடத்தோடு சேர்த்து அளந்து, அளவு டேப் தெரியும்படி போட்டோ எடுங்கள். அந்த அளவையும் ஸ்லாப்பையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள், ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்பதையும். கொட்டான் எடை இல்லாத பொருள், இடத்தைத்தான் தின்னும். ஒன்றுக்குள் ஒன்று அடுக்குங்கள், அல்லது உள்ளே பலகாரப் பொட்டலத்தை வையுங்கள். எங்கள் பெட்டியே பக்கத்துக்கு 2 செ.மீ. கூடியிருந்தாலும் 6.5 ஸ்லாப்புக்குப் போய் 700 ரூபாய் ஏறியிருக்கும். படிவத்தில் அனுப்புநர் இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா, அன்பளிப்பு என்று குறித்திருக்கிறதா, பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். டூட்டி என்று முன்பணம் கேட்டால், எந்த வரி, எத்தனை சதவீதம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.