மலைப்பாதை காரும் பட்டறை பில்லும்: ஒரு நெடுநாள் வாடிக்கையாளரின் அனுபவம்

கோத்தகிரியில் கார் வைத்திருப்பவர்களுக்கு நல்ல பட்டறை கிடைப்பது எளிதல்ல. குன்னூரிலும் ஊட்டியிலும் இருக்கும் சிலவற்றை விட்டால், கோவைக்கு மலையிறங்க வேண்டும். அதற்கே ஒரு நாள் போய்விடும். அதனால் குன்னூரில் உள்ள ஒரு பட்டறைக்குப் பல ஆண்டுகளாகப் போய்க்கொண்டிருக்கிறேன். வேலை சுத்தம், எஞ்சின் விஷயத்தில் கை தேர்ந்தவர்கள். ஆனால் பில் போடுவதில் அவர்களிடம் இருந்த வழக்கம் என்னைக் கடுமையாகக் கோபப்படுத்தியது. அதைச் சரிசெய்ய என்ன செய்தேன், எவ்வளவு சரியானது என்பதைப் பகிர்கிறேன். பட்டறையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே வழக்கம் வேறு ஊர்களிலும் இருக்கிறது.

வழக்கமான சர்வீஸுக்குக் காரை விட்டேன். எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில், முன்சக்கர பிரேக் பேடு ஆகியவற்றை மாற்ற வேண்டும். பேடு 3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்திருந்ததை நானே பார்த்திருந்தேன். குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் இறங்குகிறவர்கள் அதைத் தள்ளிப்போடக் கூடாது. பிரேக் ஆயிலும் அப்படித்தான். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; ஈரம் ஏறிய ஆயில் நீண்ட இறக்கத்தில் சூடேறும்போது கொதித்து, மிதியை மிதித்தாலும் பிடிப்பு இல்லாமல் போகும். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து, வரி உட்பட 11,400 ரூபாய் என்று ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.

மறுநாள் மாலை கைக்கு வந்த பில் 23,873 ரூபாய். மதிப்பீட்டைவிட 12,473 ரூபாய் கூடுதல். சர்வீஸ் அட்வைசரிடம் கேட்டபோது, “மலையில் ஓடுகிற வண்டி சார், பார்த்தபோது மாற்றியே ஆக வேண்டிய நிலை. போன் செய்தோம், கிடைக்கவில்லை” என்றார். எஸ்டேட் பக்கம் சிக்னல் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் தவறவிட்ட அழைப்புக்குச் சிக்னல் திரும்பியதும் குறுஞ்செய்தி வரும். அப்படி எதுவும் வரவில்லை. என் போனைக் காட்டி, “தம்பி, எத்தனை மணிக்கு அழைத்தீர்கள், காட்டுங்கள்” என்றேன். அதன் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

கூடுதல் தொகையை ஒரே தொகையாக வைத்துக்கொண்டு வாதாடினால் “கொஞ்சம் குறைத்துக்கொள்கிறோம்” என்ற இடத்தில்தான் முடியும். அதனால் பில்லை ஒவ்வொரு வரியாகப் பிரித்தேன். முன்சக்கரத்தில் பேடு அழுத்திப் பிடிக்கும் டிஸ்க் இரண்டும் மாற்றப்பட்டிருந்தன: கூலி, வரியோடு 7,080 ரூபாய். பின்சக்கர பிரேக் ஷூ மாற்றியதற்கு 3,186. எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்ததற்கு 1,121. பேடின் விலை ஏறியதில் 531. மீதி 555 ரூபாய், பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கேலிப்பருக்காக ‘கேலிப்பர் சர்வீஸ்’ என்ற வரியில் இருந்தது. இவற்றில் பேடைத் தவிர எதற்கும் நான் ஒப்புதல் தரவில்லை.

பேடிலிருந்தே தொடங்கினேன், ஏனென்றால் அதில் வாதத்துக்கே இடமில்லை. புதிய பேடு வந்த அட்டைப்பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். அதில் அதிகபட்ச சில்லறை விலை 2,600 ரூபாய், எல்லா வரிகளும் உட்பட என்று அச்சிட்டிருந்தது. பில்லில் 2,600 ரூபாயை அடிப்படை விலையாகப் போட்டு, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யாக 468 ரூபாய் சேர்த்து 3,068 ஆக்கியிருந்தார்கள். வரி உள்ளடங்கிய விலையின் மேல் இன்னொரு முறை வரி. அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது, 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி குற்றம். பில்லில் உதிரிபாகத்தின் விலையையும் வரியையும் கூட்டினால் பெட்டியில் உள்ள விலைக்கு மேல் போகக் கூடாது; இந்த ஒரு கூட்டலை யாரும் செய்துவிடலாம். 2025 செப்டம்பர் 21 வரை பெரும்பாலான உதிரிபாகங்களுக்கு 28 சதவீதம், கூலிக்கு 18 சதவீதம் என்று இருந்ததால் பில்லைப் படிப்பது குழப்பமாக இருந்தது. இப்போது இரண்டுக்கும் 18 சதவீதம்தான். அந்த 468 ரூபாயை மேலாளர் அங்கேயே கழித்தார்.

அடுத்தது டிஸ்க். பழைய டிஸ்க்குகளைக் கொடுக்கச் சொன்னேன். நல்லவேளையாக அவை பட்டறையின் மூலையில் கிடந்தன. டிஸ்க்கின் நடுப்பகுதியின் விளிம்பில், அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த தடிமன் எவ்வளவு என்று தயாரிப்பாளரே பொறித்திருப்பார். துருவைத் துடைத்தால் தெரியும். என்னுடையதில் 18 மி.மீ. என்று இருந்தது. புதியதாக இருக்கும்போது 20. அந்த இரண்டு மில்லிமீட்டருக்குள் இப்போது எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி.

இரண்டையும் ஒரு கடைசல் பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். அங்கிருந்த பெரியவர் வெர்னியர் அளவியை எடுக்கவில்லை. தேய்ந்த டிஸ்க்கின் வெளி ஓரத்தில் பேடு படாத இடம் மெல்லிய கரையாக எழும்பி நிற்கும். வெர்னியரின் தாடை அந்தக் கரையின் மேல் உட்கார்ந்துவிட்டால் உண்மையைவிடத் தடிமன் கூடுதலாகக் காட்டும். அவர் மைக்ரோமீட்டரைக் கரையைத் தாண்டி உள்ளே, பேடு உரசும் இடத்தில் வைத்து, டிஸ்க்கைச் சுற்றிச் சுற்றிப் பல இடங்களில் அளந்தார். மிகக் குறைந்த அளவு 19.2 மி.மீ. விரிசல் இல்லை. இயந்திரத்தில் மாட்டிச் சுழற்றிப் பார்த்ததில் வளைவும் இல்லை. ஆங்காங்கே நீலம் பாய்ந்திருந்தது. மலை இறக்கத்தின் சூட்டில் அது வரும், அது மட்டுமே டிஸ்க்கை மாற்றக் காரணமாகாது. தேய்மானத்துக்கு அனுமதித்த அளவில் பாதிகூட முடியாத டிஸ்க்குகளைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள்.

கூலியில் நடந்தது இன்னும் நுட்பமானது. பேடு மாற்றக் கூலி ஒரு வரி, டிஸ்க் மாற்றக் கூலி ஒரு வரி, கேலிப்பர் சர்வீஸ் ஒரு வரி. இம்மூன்றுக்கும் சக்கரத்தைக் கழற்றுவது ஒரே முறைதான். கேலிப்பரைத் திறந்துதான் பேடை எடுக்க முடியும். அதன் ஊசிகளைத் துடைத்து கிரீஸ் தடவுவது பேடு மாற்றும் வேலையிலேயே அடங்கும். அதைச் செய்யாமல் பேடு மாட்டுவது அரைகுறை வேலை. கேலிப்பரைக் கழற்றிய பிறகு டிஸ்க்கை எடுக்க, கேலிப்பர் தாங்கியின் இரண்டு போல்ட்டுகள்தான் மிச்சம். ஒவ்வொரு வேலைக்கும் கம்ப்யூட்டரில் தனித்தனிக் கூலி இருக்கிறது. தனியாகச் செய்தால் அது நியாயமான தொகை. சேர்த்துச் செய்யும்போது பொதுவான பகுதியைக் கழிக்க வேண்டும். அதைக் கழிக்காமல் பில் போடுவதுதான் மதிப்பீட்டை மீறும் மிகச் சாதாரணமான வழி. வாடிக்கையாளர் கண்ணுக்கு எளிதில் படாத வழியும் அதுதான்.

பின்சக்கர ஷூவில் நிலைமை வேறு. பழைய ஷூவை எறிந்துவிட்டதாகச் சொன்னார்கள். பின்னர் கார் கைக்கு வந்ததும், கோத்தகிரியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் டிரம்மைத் திறந்து பார்க்கச் சொன்னேன். புதிய லைனிங்தான் இருந்தது, அதில் ஏமாற்று இல்லை. ஆனால் பழையது எவ்வளவு தேய்ந்திருந்தது என்பதற்கு அவர்களிடம் படமும் இல்லை, அளவும் இல்லை. மாற்ற வேண்டியிருந்தது என்று சொல்கிறவர்தான் அதைக் காட்ட வேண்டும்.

பணம் முழுவதையும் கட்டினால்தான் சாவி என்று முதலில் சொன்னார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 170ஆம் பிரிவில், பழுதுபார்ப்பவருக்குத் தம் கூலி வரும்வரை பொருளைப் பிடித்துவைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. ஆனால் எந்த வேலைக்காக ஒப்படைத்தோமோ அந்த வேலைக்கான கூலிக்குத்தான் அந்த உரிமை. இதை மேலாளரிடம் எடுத்துச் சொன்னேன், அவர் ஏற்கவில்லை. எனக்கு மறுநாள் காலை கார் தேவைப்பட்டது. பேடில் கழித்தது போக மீதியைச் செலுத்தி, பில்லின் இரண்டு பிரதிகளிலும் ‘ஒப்புதல் தராத வேலைகளுக்கான தொகை மறுப்புடன் செலுத்தப்படுகிறது’ என்று எழுதி, அந்த வரிகளைக் குறித்துக் கையெழுத்திட்டேன். அவர்களையும் கையெழுத்திடச் செய்தேன். பட்டறைக்காரர் பின்னால் “புதிய பாகத்தை அனுபவித்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள், சம்மதித்துத்தானே பணம் கட்டினீர்கள்” என்று சொல்ல இடம் தராமல் இருக்க இந்த ஒரு வாக்கியம் தேவை.

பிறகு ஜாப் கார்டு, பில், கடைசல் பட்டறையில் எழுதி வாங்கிய அளவு, டிஸ்க்கின் படங்கள் எல்லாவற்றையும் இணைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்தேன். அங்கே தீர்ப்பு சொல்ல மாட்டார்கள். புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

பட்டறையிலிருந்து சில வாரங்களில் பதில் வந்தது. ஷூவுக்கான தொகை, த்ராட்டில் பாடி, கேலிப்பர் சர்வீஸ், டிஸ்க் கூலி ஆகியவற்றைத் திருப்பித் தந்தார்கள். டிஸ்க்கின் விலையில் பாதியை மட்டும் தர முன்வந்தார்கள். புதிய டிஸ்க் என் வண்டியில் ஓடுகிறது என்பது அவர்கள் வாதம். கேட்காமல் மாட்டியதற்கு நான் ஏன் பாதி தர வேண்டும் என்பது என் வாதம். அந்த மீதிக்காக ஆணையத்தில் மனு தாக்கல் செய்யத் தயாராகிக்கொண்டிருக்கிறேன்.

பட்டறையை மாற்றவில்லை. ஆனால் இப்போது காரை விடும்போது ஜாப் கார்டில் வாடிக்கையாளர் குறிப்பு என்ற இடத்தில் என் கையாலேயே எழுதுகிறேன்: கூடுதல் வேலை எதுவானாலும் அளவு, படம், வரி சேர்ந்த விலை மூன்றையும் செய்தியாக அனுப்பி, நான் சம்மதம் என்று எழுதிய பிறகே செய்ய வேண்டும், பதில் வராவிட்டால் வண்டியை அப்படியே வைக்க வேண்டும், பழைய பாகங்களும் புதியவற்றின் பெட்டிகளும் டிக்கியில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்கிறேன். கடந்த சர்வீஸில் முன்பக்க ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிவதாகப் படம் வந்தது. கசிவு தெளிவாகத் தெரிந்தது, விலையும் பொருத்தமாக இருந்தது, சம்மதித்தேன். இறுதி பில் அனுப்பிய தொகையோடு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போனது.