கருநிற முகமும் வெள்ளை வானமும்: 90 செ.மீ. சொஃப்ட்பொக்ஸ் நீண்டகாலப் பாவனையில்

ஹப்புத்தளை, நுவரெலியாப் பக்கம் வெளியே கல்யாணப் படம் எடுப்பவர்களுக்கு வெயிலை விட மூட்டம்தான் பெரிய தொல்லை. முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் பின்னால் மலை வெள்ளையில் கரைந்துவிடும். மலைக்கு வைத்தால் கருநிற முகம் இருண்டுபோகும். எடிட்டிங்கில் தூக்கிக்கொள்ளலாம் என்று விட்டால் நிழலில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும், தோலின் செம்பழுப்பும் சாம்பல் பூத்துவிடும்.

இதற்கு நாங்கள் பாவிப்பது இரட்டைத் துணி போட்ட 90 செ.மீ. எண்கோண சொஃப்ட்பொக்ஸும் 200 வாட் செக்கன் பற்றரி பிளாஷும். சிறிய பிளாஷை நேரே அடிப்பது சரிவராது. கருநிறத் தோல் உள்ளே வாங்கித் திருப்பி அனுப்பும் வெளிச்சம் குறைவு. ஆனால் மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் எந்த நிறத் தோலிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். அதனால் கருநிற முகத்தின் வடிவத்தைக் காட்டுவதே அந்த மினுக்கம்தான். விளக்கு சிறியதென்றால் அது நெற்றியிலும் மூக்கிலும் வெள்ளைப் பொட்டாக நிற்கும். பெரிய விளக்கு கிட்ட இருந்தால் கன்னம் முழுக்கப் பரவும்.

முதலில் பிளாஷை அணைத்துவிட்டு வானத்தைப் பிடியுங்கள். மூட்டமான ஒரு காலைக்கு உதாரணம்: ISO 100, 1/200, f/4 இல் வானம் திரையில் மினுங்கி எச்சரிக்கும், f/5.6 க்கு வந்தால் மினுங்கல் நிற்கும், மலை விளிம்பும் தெரியும். இனி கமராவில் கை வைக்க வேண்டாம். பொக்ஸை முகத்திலிருந்து 1.2 மீற்றரில், பக்கவாட்டில் 45 பாகையில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே வைத்து, பிளாஷை 1/4 பவரில் தொடங்குங்கள். கருநிறத்துக்கு அநேகமாக இன்னும் அரை ஸ்டொப் கூட்ட வேண்டிவரும். தூரத்து மலைச்சரிவை இந்த வெளிச்சம் எட்டாது என்பதால் பின்னணி அப்படியே இருக்கும். முகத்தை எவ்வளவு கூட்டுவது என்பதற்கு அளவு, கன்னத்து மினுக்கத்துக்குள்ளும் தோலின் நிறம் தெரிய வேண்டும்.

வைட் பேலன்ஸை ஓட்டோவில் விடாதீர்கள். 5500K இல் நிறுத்தினால் தோல் சூடாகவும் மூட்டம் லேசான நீலமாகவும் வரும். தங்க ரிஃப்ளெக்டர் வேண்டவே வேண்டாம், முகம் மஞ்சள் பூசினது போலாகும். தேயிலைச் செடிக்கு நடுவில் நின்றால் தாடைக்கடியில் பச்சை ஏறும். இடுப்பளவில் வெள்ளை ரிஃப்ளெக்டரைப் பிடித்தால் அது அடங்கும்.

குறைகளும் உண்டு. மூட்டம் தடித்திருக்கும்போது விளக்கைக் கமராவுக்குப் பக்கத்தில் வைத்தால் நீர்த்துளிகள் வெளிச்சம் வாங்கிப் படமே வெளிறிவிடும். பக்கவாட்டில் வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வெயில் திறந்தால் 1/200 போதாது. அதைவிட வேகமான ஷட்டருக்காக ஹை ஸ்பீட் சிங்குக்குப் போனால் பவர் கிட்டத்தட்ட இரண்டு ஸ்டொப் விழும், 200 வாட் செக்கன் அப்போது திணறும். காற்றுக்கு இந்தப் பொக்ஸ் கப்பல் பாய் மாதிரி விரியும், ஸ்டாண்டில் மணல்மூட்டை இல்லாமல் கையை எடுக்க முடியாது. ஈரத்தோடு மடித்து வைத்தால் துணியில் கரும்புள்ளி பூக்கும். நாள்பட மஞ்சளிக்கிற துணியால் வெளிச்சத்தின் நிறமும் மாறும், ஆகவே முன்துணியைத் தனியாக மாற்றக்கூடிய மொடலாகப் பார்த்து வாங்குங்கள்.