ஸ்கேன் கடையில் ‘சைஸ் குறைத்து’ வாங்கிய பி.டி.எஃப்பில் புள்ளிகளைத் தேடிப் பாருங்கள்

பழைய புத்தகம், பைண்டு செய்த இதழ், பத்திரம் எதையாவது ஸ்கேன் செய்யக் கடையில் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். எங்கள் வீட்டில் இருந்த பழைய மாத இதழ்த் தொகுப்பு ஒன்றை இப்படிக் கொடுத்து வீணாக்கிக்கொண்டு வந்திருக்கிறோம். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நடந்தது எந்த ஊரிலும் நடக்கக்கூடியது.

ஆர்டர் ரசீதில் ‘கிரேஸ்கேல், 300 டிபிஐ’ என்று தெளிவாக எழுதி வாங்கியிருந்தோம். கைக்கு வந்ததோ கறுப்பு வெள்ளை பி.டி.எஃப். கேட்டதற்கு கவுன்டரில் இருந்தவர், “சார், கிரேல வச்சா ஃபைல் பெருசாப் போயிடும், வாட்ஸ்அப்ல அனுப்பக்கூட முடியாது. இது பாருங்க, பளிச்னு இருக்கு” என்றார். பளிச்சென்றுதான் இருந்தது. மங்கலான பழுப்புத் தாள் வெள்ளை வெளேர் என்று மாறியிருந்தது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் மெய்யெழுத்துகளின் தலையில் புள்ளி இல்லாதது தெரிந்தது. ‘பல்’ எல்லாம் ‘பல’ ஆகியிருந்தது, ‘என்’ எல்லாம் ‘என’ ஆகியிருந்தது. ஓரத்தில் தாத்தா பென்சிலில் எழுதிய குறிப்புகளில் பாதி காணோம். கிரே மூலக் கோப்புகளைக் கேட்டால், “அதெல்லாம் அன்னைக்கே அழிச்சாச்சு” என்று பதில். பக்கங்களை வேகமாக ஓட்டுவதற்காக பைண்டிங்கை வெட்டியும் இருந்தார்கள். திரும்ப ஸ்கேன் செய்ய மறுபடி முழுக் காசு கேட்டார்கள்.

அவர்கள் செய்ததில் சைஸ் குறைந்தது உண்மை. ஏன் அவ்வளவு குறைகிறது என்று புரிந்தால், புள்ளி எங்கே போனது என்பதும் புரிந்துவிடும்.

ஏ4 பக்கத்தை 300 டிபிஐயில், அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று எடுத்தால் 2480 × 3508, அதாவது சுமார் 87 லட்சம் பிக்சல். கிரேஸ்கேலில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 8 பிட், 0 என்ற கறுப்பு முதல் 255 என்ற வெள்ளை வரை 256 நிலைகள். அழுத்தாமல் வைத்தால் 8.7 எம்.பி. கறுப்பு வெள்ளையில் பிக்சலுக்கு ஒரே பிட், 1.09 எம்.பி. இந்த எட்டில் ஒரு பங்கு எல்லோரும் கணக்குப் போட்டுவிடுவார்கள். ஆனால் கடைக்காரர் கொடுத்த பக்கம் 40 கே.பி.தான் இருந்தது. மீதி வித்தியாசம் அழுத்தும் முறையில் இருந்து வருகிறது.

ஃபேக்ஸ் காலத்தில் உருவான குரூப் 4 என்ற முறைதான் இன்றும் கறுப்பு வெள்ளைப் பக்கங்களுக்கு அதிகம் பயன்படுகிறது. அது பிக்சல்களைப் பதிவதே இல்லை. ஒரு வரிசையில் வெள்ளை எங்கே கறுப்பாக மாறுகிறது, கறுப்பு எங்கே வெள்ளையாக மாறுகிறது என்ற இடங்களை மட்டும், அதுவும் மேல் வரிசையோடு ஒப்பிட்டுப் பதிகிறது. மேல் வரிசையில் மாறிய அதே இடத்தில் இங்கும் மாறினால் அதற்கு ஒரு பிட் போதும். ‘ட’வின் நிமிர்ந்த கோடு இருபது முப்பது வரிசைக்கு நேராக இறங்கும், வரிசைக்கு இரண்டு பிட்டில் அந்தக் கோடு முடிந்துவிடும். வெற்று வரிசை ஒன்றுக்கு ஒரே பிட். எழுத்தே இல்லாத வெள்ளைப் பக்கம் முழுவதும் 3508 பிட், அரை கே.பி.கூடக் கிடையாது. இதில் எந்த இழப்பும் இல்லை; உள்ளே போன கறுப்பு வெள்ளை அப்படியே வெளியே வரும்.

கிரேஸ்கேலில் அதே வெற்றுத் தாள் வெற்றாக இருக்காது. தாளின் நார், பழுப்பு, ஸ்கேனர் சென்சாரின் இரைச்சல் எல்லாம் சேர்ந்து 231, 234, 229, 233 என்று எண்கள் ஆடிக்கொண்டே இருக்கும். இழப்பில்லாமல் வைக்க வேண்டுமென்றால் இந்த ஆட்டத்தையும் பதிந்தாக வேண்டும். பிக்சலுக்கு 3 பிட் இந்த இரைச்சலுக்கே போனால் பக்கத்துக்கு 3 எம்.பி.க்கு மேல் ஆகிவிடும். ஜேபெக் அந்த மெல்லிய ஆட்டத்தைத் தூக்கிப் போடும். ஆனால் எழுத்தின் கூர்மையான விளிம்புகளுக்கு அதிக இடம் எடுக்கும், கூட அழுத்தினால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்தது போல ஆகும்.

ஆக, சைஸைக் குறைத்துக் கொடுத்தது குரூப் 4. புள்ளியைத் தின்றது அதற்கு முந்தைய படி. ஒவ்வொரு பிக்சலையும் கறுப்பா வெள்ளையா என்று தீர்மானிக்கும் வாசல் அளவு, திரெஷோல்டு. நல்ல மையில் அச்சான கோட்டின் நடுப்பகுதி 60, 80 என்று இருட்டாக இருக்கும். புள்ளி மிகச் சிறியது. 300 டிபிஐயில் நாலைந்து பிக்சல்தான் அகலம். ஸ்கேனரின் லென்ஸ் மங்கலில் சுற்றியுள்ள வெள்ளை அதில் கலந்து, பழைய மை என்றால் 150, 160 வரை வெளுத்துவிடும். வாசலை நடுவில், 128இல் வைத்தால் கோடுகள் எல்லாம் பிழைத்துவிடும், புள்ளிகள் மட்டும் வெள்ளையாகிவிடும். பக்கம் பார்க்க மூலத்தைவிடச் சுத்தமாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. தப்பிப் பிழைத்த புள்ளியையும் ‘டெஸ்பெக்கிள்’ என்ற தூசி நீக்கும் வசதி தூசி என்று எண்ணித் துடைத்துவிடும். தமிழ்ப் பக்கத்துக்கு அதை அணைத்தே வைக்க வேண்டும்.

சரியான வழி, கிரே மூலத்தைத் தொடாமல் தனியே வைத்துக்கொண்டு, அதிலிருந்து கறுப்பு வெள்ளைப் பிரதி எடுப்பது. 256 நிலையிலிருந்து இரண்டுக்குப் போனபின் திரும்பி வர வழியே இல்லை. மாற்றும்போது முதலில் பக்கத்தை இரட்டிப்பாகப் பெரிதாக்கி, பிறகு வாசலை வையுங்கள். விளிம்பில் உள்ள சாம்பல் பிக்சல், மை அந்தக் கட்டத்தில் எவ்வளவு தூரம் நுழைந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. பெரிதாக்கினால் அந்தத் தகவல் 600 டிபிஐயில் வளைவாக மாறும். நேரடியாக வெட்டினால் படிக்கட்டாகும். பிக்சல் நாலு மடங்கு ஆனாலும் குரூப் 4 கோப்பு ஏறக்குறைய இரண்டு மடங்குதான் ஆகும், ஏனென்றால் வரிசைகள் இரட்டிக்கின்றன, வரிசைக்குள் மாறும் இடங்கள் அதேதான். இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருளில்:

```
magick p012.tif -colorspace Gray -resize 200% -threshold 65% -type bilevel -units PixelsPerInch -density 600 -compress Group4 bw-p012.tif
```

65% என்பது தொடக்கம். தொகுப்பிலேயே மிக மங்கலான பக்கத்தை எடுத்து 60, 65, 70 என்று மூன்று பிரதி எடுத்து, கிரேயோடு பக்கத்தில் வைத்து 200% பெரிதாக்கிப் பாருங்கள். பார்க்க வேண்டியவை புள்ளி, ‘ி’யும் ‘ீ’யும், ‘எ’யும் ‘ஏ’யும். வாசலை ஏற்றினால் புள்ளி வரும். ஆனால் பைண்டிங் பக்கத்து நிழலும் பழுப்புக் கறையும் கறுப்பாக அப்பிவிடும். அப்படி ஆகும் தாளுக்கு ஒரே வாசல் உதவாது. ஸ்கேன்டெய்லர் அட்வான்ஸ்டு என்ற இலவச மென்பொருளில் சவோலா, வோல்ஃப் என்ற முறைகள் இருக்கின்றன. அவை ஒவ்வொரு இடத்துக்கும் சுற்றுப்புற வெளிச்சத்தைப் பார்த்துத் தனி வாசல் வைக்கும். நிழல் விழுந்த ஓரத்திலும் எழுத்து தப்பும்.

`-monochrome` என்ற கட்டளையைப் பயன்படுத்தாதீர்கள். அது சாம்பலைப் புள்ளிக் கோலமாகத் தூவிவிடும். ஒவ்வொரு வரிசையிலும் நூற்றுக்கணக்கான மாற்றங்கள் வந்து குரூப் 4 திணறும், எழுத்தும் பொரிந்துபோகும். புகைப்படம், முத்திரை, பென்சில் குறிப்பு உள்ள பக்கங்களைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றவே வேண்டாம். கிரேயாகவோ வண்ணமாகவோ bw-p013.tif என்பது போல அதே வரிசைப் பெயரில் நகலெடுத்து வைத்தால் அதே பி.டி.எஃப்பில் சேரும்.

எல்லாம் மாற்றியபின் கோப்புகளை சைஸ்படி அடுக்கிப் பாருங்கள். அக்கம்பக்கத்துப் பக்கங்களைவிடத் திடீரென்று சிறுத்த பக்கத்தில் எழுத்து போயிருக்கும். பெருத்த பக்கத்தில் கறை பொரிந்திருக்கும். இந்த இரண்டு வகையையும் முதலில் திறந்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு பி.டி.எஃப் ஆக்க:

```
img2pdf bw-*.tif -o malar.pdf
```

இது படங்களை மறுபடி அழுத்தாமல் இழப்பின்றிச் சேர்க்கும்.

ஜேபிக்2 என்று இன்னொரு முறை உண்டு, குரூப் 4ஐவிடச் சிறியது. இழப்பில்லாத வகையில் ஆபத்தில்லை. இழப்புள்ள வகை, ஒத்த வடிவங்களை ஒரே அச்சாக வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே ஒட்டிவிடும். 2013இல் ஜெர்மனியின் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் ஒர்க்சென்டர் இயந்திரத்தில் ஸ்கேன் செய்த கட்டட வரைபடத்தில் 21.11 சதுர மீட்டர் அறை 14.13 என்று மாறியிருந்ததைக் கண்டுபிடித்து வெளியிட்டார். காரணம் இந்த ஒட்டுவேலைதான். நிறுவனம் மென்பொருளைத் திருத்த வேண்டி வந்தது. நம் எழுத்தில் ‘ர’வும் ‘ா’வும் எவ்வளவு நெருக்கம் என்று எண்ணிப் பாருங்கள். பத்திரம், கணக்கு, சர்வே எண் இருக்கும் தாளுக்கு இந்த முறையே வேண்டாம்.

கடையில் காசு கொடுக்கும் முன்பு, அவர்கள் கொடுத்த பென்டிரைவை உங்கள் லேப்டாப்பில் செருகி இதை ஓட்டுங்கள். பாப்ளர் என்ற இலவச பி.டி.எஃப் கருவிகளோடு வரும்:

```
pdfimages -list malar.pdf
```

எங்களுடையதில் முதல் பக்கத்துக்கு இப்படி வந்தது:

```
page   num  type   width height color comp bpc  enc interp  object ID x-ppi y-ppi size ratio
   1     0 image    2480  3508  gray    1   1  ccitt  no         8  0   300   300 41.3K 3.9%
```

`color` என்ற இடத்தில் gray என்று இருப்பதைக் காட்டி, “கிரேதான் சார்” என்று அவர்கள் வாதாடலாம். எங்களிடம் வாதாடினார்கள். பக்கத்தில் `bpc` என்பதைப் பாருங்கள். 1 என்றால் கறுப்பு வெள்ளை, 8 என்றால்தான் கிரே. `enc` என்ற இடத்தில் ccitt என்றால் ஃபேக்ஸ் வழி அழுத்தம். Jbig2 என்றால் இழப்புள்ளதா இல்லையா என்று இந்தப் பட்டியலில் தெரியாது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ரசீதில் ‘கிரேஸ்கேல் 300 டிபிஐ’ என்பதோடு இன்னும் மூன்றை எழுதி வாங்குங்கள்: 8 பிட் டிஃப் கோப்புகள் தனியே வேண்டும், டெஸ்பெக்கிள் கூடாது, நாங்கள் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை மூலத்தை அழிக்கக் கூடாது. பைண்டிங்கை வெட்டலாமா கூடாதா என்பதையும் அங்கேயே எழுத வையுங்கள். இதை எழுதித் தர மறுக்கும் கடையில் புத்தகத்தை விட்டுவிட்டு வராதீர்கள்.