கைத்தறித் துணி: தோய்த்து வெட்டுவதா, கூட்டி வெட்டுவதா?

கரை வைத்த கைத்தறிக் கொட்டனைப் பஞ்சாபி தைக்கக் கொடுத்தால், யாழ்ப்பாணத்தில் ஆளுக்கொரு பதில் வரும். “தோய்த்துக் காயவிட்டுக் கொண்டு வாருங்கள்” என்பார் ஒருவர். “தேவையில்லை, சுருங்குவதற்கு இரண்டு அங்குலம் கூட்டி வெட்டிவிடுகிறேன்” என்பார் அடுத்தவர். “தண்ணீர் தெளித்து ஸ்திரிக்கை போட்டால் அதுவே போதும்” என்பவர்களும் உண்டு. மூன்று வழிக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தத் துணிக்கு, அதுவும் கரையை வெட்டி எடுத்துக் கீழ்விளிம்பில் வைத்துத் தைப்பதாக இருந்தால், முதல் வழியைத் தவிர மற்ற இரண்டும் தோய்ப்பு வரைக்கும்தான் அழகு.

காரணம் தறியில் இருக்கிறது. நெய்யும்போது நெடுக்கே ஓடும் பாவு நூல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். குறுக்கே ஓடும் ஊடு நூலுக்கு அவ்வளவு இழுவை இல்லை. இழுபட்ட நிலையிலேயே கஞ்சி பாவு நூலைப் பிடித்து வைத்திருக்கிறது. தண்ணீர் பட்டுக் கஞ்சி இளகியதும் நூல் தன் இயல்பு நீளத்துக்குத் திரும்புகிறது. ஆகவே பாவு ஓடும் நெடுக்கில் அதிகமாகவும் குறுக்கில் குறைவாகவும் சுருங்குகிறது. ஆலைத் துணிகளில் பலவற்றை ஆலையிலேயே சுருக்கி அனுப்புகிறார்கள்; சான்ஃபோர்ட் க்ளூவெட் என்பவர் காப்புரிமை பெற்ற அந்த முறையின் பெயர்தான் சில துணிகளின் ஓரத்தில் ‘சான்ஃபொரைஸ்ட்’ என்று அச்சாகியிருக்கும். தறியிலிருந்து நேரே வரும் துணிக்கு அந்த வேலை நடந்திருக்காது.

எவ்வளவு சுருங்கும் என்று கடைக்காரரைக் கேட்பதைவிடத் துணியைக் கேட்பது மேல். ஒரு மூலையில், கரைக்கும் விளிம்புக்கும் சற்று உள்ளே, நெடுக்கில் 20 அங்குலமும் குறுக்கில் 20 அங்குலமும் சாயம் போகாத நூலால் தையல் போட்டு அடையாளம் வையுங்கள். தோய்த்து, காயவிட்டு, இழுக்காமல் ஸ்திரிக்கை போட்டு மறுபடி அளந்து பாருங்கள். எடுத்துக்காட்டாக, நெடுக்கு 18¾ ஆகவும் குறுக்கு 19½ ஆகவும் வந்தது என்று வைத்துக்கொள்வோம். நெடுக்கில் நூற்றுக்கு ஆறேகால், குறுக்கில் இரண்டரை. கைத்தறிக் கொட்டனுக்கு இது அதிசயமான கணக்கல்ல.

இந்தத் துணியில் ‘கூட்டி வெட்டும்’ வழி என்ன செய்யும்? மேற்சட்டையின் நீளம் 42 அங்குலம் வேண்டும். இரண்டு அங்குலம் கூட்டி 44-இல் முடித்தால், தோய்த்த பிறகு 41¼ தான் மிஞ்சும். சரியான அளவு கிடைக்க 42-ஐ 0.9375 ஆல் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 44¾ வரும். எல்லாத் துணிக்கும் பொதுவாக ‘இரண்டு அங்குலம்’ என்று சொல்பவர் துணியைப் பார்க்காமல் சொல்கிறார். கணக்கைச் சரியாகப் போட்டாலும், அளவு பார்க்க வருகிறவர் முழங்காலுக்குக் கீழே தொங்கும் ஒரு சட்டையைப் போட்டுப் பார்த்து “தோய்த்தால் சரியாகும்” என்ற வாக்கை நம்பிப் போக வேண்டும்.

நீளமாவது கணக்குக்கு அடங்கும். கரைதான் அடங்காது. கரை துணியின் ஓரத்தில் நெடுக்காக ஓடுகிறது. அதை வெட்டியெடுத்துச் சட்டையின் கீழ்விளிம்பில் வைத்தால் குறுக்காகப் படுக்கிறது. முன்பக்க விளிம்பு 22 அங்குலம் என்றால், தோய்த்தபின் அது ஏறக்குறைய 21½ ஆகும். அதே 22 அங்குலக் கரைத் துண்டு நெடுக்குத் துண்டு ஆகையால் 20⅝ ஆகிவிடும். ஒரே தையலில் சேர்ந்திருக்கும் இரண்டு விளிம்புகளுக்கு நடுவில் முக்கால் அங்குலத்துக்கு மேல் சண்டை. கரை இறுகும், அதற்கு மேலே உடல்துணி சுருக்குச் சுருக்காக எழும்பி நிற்கும். ஸ்திரிக்கைப் பெட்டியை எவ்வளவு அழுத்தினாலும் அது படியாது. இதை முன்கூட்டியே சரிக்கட்ட வேண்டுமென்றால், நீளமான கரையைச் சிறிய விளிம்புக்குள் சுருக்கி வைத்துத் தைத்து, தோய்க்கும் வரை அந்தச் சுருக்கத்தோடு உடுத்த வேண்டும். அப்படித் தைத்துத் தரும் தையல்காரரை நான் கண்டதில்லை.

லைனிங்கும் இதே வம்புதான். பொலியெஸ்டர் லைனிங் கிணற்றுத் தண்ணீரில் சுருங்காது. 42 அங்குலச் சட்டைக்குள் 40 அங்குல லைனிங் மறைந்திருக்கும். கூட்டாமல் தைத்த சட்டை தோய்த்தபின் 39⅜ ஆகும்போது லைனிங் அரை அங்குலத்துக்கு மேல் வெளியே எட்டிப் பார்க்கும். கொட்டன் லைனிங் போடுகிறவர்கள் நிம்மதிப்பட வேண்டாம், அதையும் தனியே தோய்த்துச் சுருக்கித்தான் வெட்ட வேண்டும்.

இனித் தோய்க்கும் வழி. முடிந்த உடுப்பை எப்படித் தோய்ப்பீர்களோ அப்படியே துணியையும் தோய்க்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். வெறுமனே வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் சுருக்கத்தின் பெரும்பங்கு வந்துவிடும், ஆனால் எல்லாம் வராது. தைத்த உடுப்பு மெசினில் சுழலப் போகிறதென்றால் மிச்சம் அங்கே வரும். அடர்ந்த சிவப்பு, நீலம் என்றால் தனியே தோய்த்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். உப்புப் போட்டால் சாயம் பிடிக்கும் என்பதை நம்பி வெள்ளைத் துணியோடு சேர்த்துவிடாதீர்கள். நம்முடைய கிணறுகள் சுண்ணக்கல்லில் ஊறிய தண்ணீர் தருபவை. கட்டிச் சவர்க்காரம் அதில் திரண்டு, கறுப்புத் துணியில் வெளிறிய படலமாகப் படியும். இதற்குச் சலவைத்தூள் நல்லது.

தோய்ப்பதற்கு முன் வெட்டு முனைகளை நேராக்குவது பலர் விட்டுவிடும் படி. கடையில் கத்தரித்துத் தரும் விளிம்பு ஊடு நூலின் வழியே போவது அபூர்வம். அதை நேராக்க இரண்டு முறைகள் இருக்கின்றன. ஓரத்தில் சிறு வெட்டுப் போட்டுக் கிழிப்பது ஒன்று. பொப்ளினுக்கு அது நொடியில் முடியும். கைத்தறியில் கிழித்தால் விளிம்பு நூல்கள் இழுபட்டு அலையலையாகிவிடும், சிலவேளை கிழிசல் நெடுக்கே ஓடிவிடும். ஆகவே இங்கே ஒற்றை நூலை உருவும் முறைதான் பொருந்தும். கரையில் அரை அங்குலம் வெட்டி, ஓர் ஊடு நூலை ஊசி முனையால் தூக்கிப் பிடித்து மெல்ல இழுத்தால் துணி சுருங்கிக்கொண்டே வரும்; நூல் போன இடத்தில் ஒரு மெல்லிய இடைவெளிக் கோடு தெரியும். அந்தக் கோட்டின் மேலேயே கத்தரிக்கோலை விடுங்கள். நூல் நடுவில் அறுந்தால் பயமில்லை. கோடு தெரியும் இடம்வரை வெட்டிவிட்டு, அங்கிருந்து அதே நூலின் மறுமுனையைத் தேடிப் பிடிக்கலாம். பிறகு விளிம்பில் ஒரு வளைதையல் ஓட்டினால் தோய்க்கும்போது நூல் பிரியாது.

இப்போது துணியை நெடுக்காக மடித்துக் கரையோடு கரை சேருங்கள். வெட்டு முனைகளும் ஒன்றோடொன்று பொருந்தினால் துணி நேர். ஒரு மூலை முன்னே தள்ளி நின்றால் ஊடு நூல் சாய்ந்திருக்கிறது என்று பொருள். அப்படியே வெட்டிய சட்டையை ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பக்கத் தையல் தொடைக்கு முன்னால் திரும்பி வந்திருக்கும். திருத்துவதற்குத் துணி ஈரமாக இருக்கும் நேரமே நல்லது. குட்டையாக நிற்கும் மூலைகளை இருவர் எதிரெதிரே பிடித்து, மூலைவாட்டில் இழுக்க வேண்டும். பிறகு ஓரிரு அடி நகர்ந்து நகர்ந்து, துணி முழுவதும் அப்படி இழுத்துவர வேண்டும். உலுக்கி இழுப்பதால் பயனில்லை, நிதானமாக இழுத்துச் சற்றுநேரம் பிடித்திருக்க வேண்டும். கைத்தறி இதற்கு நன்றாக வளைந்து கொடுக்கும். பாடசாலைச் சீருடைக்கு வரும் பொலியெஸ்டர் கலந்த துணி கொடுக்காது. அதன் சாய்வைச் சூட்டில் உறுதியாக்கி அனுப்பியிருப்பார்கள், இழுத்தாலும் அடுத்த தோய்ப்பில் பழைய நிலைக்கே போய்விடும். அங்கே கரையை மட்டும் நம்பி நெடுக்குப் பார்த்து வெட்டுவதைத் தவிர வழியில்லை. கட்டம் போட்ட துணி அப்படிச் சாய்ந்திருந்தால் வாங்காமலே விடலாம்.

காயப்போடுவதிலும் கவனம் வேண்டும். ஈரத்துணியைக் கொடியில் நெடுக்காகத் தொங்கவிட்டால், தண்ணீரின் பாரமே இப்போதுதான் சுருங்கிய பாவைத் திரும்ப இழுத்து நீட்டிவிடும். இரண்டு கொடிகளின் மேல் பரப்பிப் போடலாம், அல்லது பாயில் விரிக்கலாம். கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே, நூலோட்டத்தின் வழியே பெட்டியைத் தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும். மூலைவாட்டில் தேய்த்தால் நேராக்கியதெல்லாம் வீண்.

தெளித்து ஸ்திரிக்கை போடும் வழியை நான் ஒதுக்கவில்லை, அதற்கு இடம் வேறு. தோய்க்காமல் உலர்சலவைக்குக் கொடுக்கும் பட்டுச் சேலையின் சட்டைத்துண்டுக்கு ஆவி பிடித்து அழுத்துவதே போதும். பட்டைத் தண்ணீரில் போட்டு மினுக்கத்தைக் கெடுப்பதில் அர்த்தமில்லை. கொலருக்கு ஒட்டும் கன்வஸ் வைக்கப் போகிற துணியையும் முதலில் ஆவியில் அழுத்திவிட்டால், ஒட்டும் சூட்டில் சுருங்கிக் கொப்புளம் போடாது. கைத்தறிக்கு மட்டும் இது பாதி வேலை. தெளித்த ஈரம் கஞ்சியை முழுக்க இளக்குவதில்லை.

கூட்டி வெட்டுவதும் அடியோடு தவறல்ல. ஆலையில் சுருக்கி வந்த துணியில், கரை, லைனிங் எதுவும் இல்லாத சாதாரணப் பாவாடைக்கு மடிப்பில் ஓர் அங்குலம் அதிகம் வைத்துத் தைத்தால் வேலை முடிந்தது. பிள்ளைகளின் உடுப்பு என்றால் அந்த மடிப்பைப் பிறகு அவிழ்த்தும் விடலாம்.

தோய்ப்பதற்கு எதிராக நான் கேட்கும் வாதங்களில் கனமானது தீபாவளிக்கு வருவது. “அக்கா, கோடித் துணியைத் தோய்த்தால் பிறகு அதில் என்ன புதுசு?” என்பார்கள். மூலையில் மஞ்சள் பூசி உடுத்தும் வீட்டில் இதைச் சிரித்துத் தள்ள முடியாது. தைத்து முடித்தபின் சோற்றுக் கஞ்சியை வடித்து நீர்க்கக் கரைத்துத் தோய்த்து, அரை ஈரத்தில் ஸ்திரிக்கை போட்டால் கடை விறைப்பு திரும்பி வரும் என்பதே என் பதில். பெரும்பாலானோர் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். ஏற்காதவர்களுக்குக் கரை வைக்காமல், லைனிங் இல்லாமல், வகுத்தல் கணக்குப் போட்டுக் கூட்டி வெட்டித் தருவேன்.

எந்த வழியானாலும் வாங்கும் அளவு கூடத்தான் வேண்டும். வெட்டுக்கு இரண்டரை மீற்றர் தேவை என்றால், மேலே சொன்ன துணியில் 2.75 மீற்றர் எடுங்கள். சுருங்கியபின் அது 2.58 மீற்றர் அளவுக்கு வரும். மிஞ்சும் எட்டு சென்ரிமீற்றர் இரண்டு முனைகளையும் நேராக்குவதில் போய்விடும். கடையில் மிகச் சாய்வாகக் கத்தரித்துத் தந்திருந்தால் அதுவும் போதாது. அதனால் கத்தரிக்கும்போதே பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது.