எனிடைம் ஸ்கோரர் விலை: கோல் கணக்கா, ஷாட் கணக்கா, அணிக் கணக்கா?

2020-21 பிரீமியர் லீக் பருவத்தில் செல்சீக்கு அதிக லீக் கோல் அடித்தவர் ஜார்ஜினியோ. மொத்தம் 7 கோல், ஏழுமே பெனால்ட்டி. ‘ஆட்டத்தில் எப்போதாவது கோல் அடிப்பாரா’ என்று பந்தயம் கட்டும் எனிடைம் ஸ்கோரர் சந்தையில் இவருக்கு எப்படி விலை வைப்பது? ஷாட்டை மட்டும் எண்ணினால் இவர் அணியில் இருப்பதே தெரியாது. கோலை மட்டும் எண்ணினால் முன்கள ஆட்டக்காரர் மாதிரித் தெரிவார். இரண்டுமே தப்பு.

விலை வைக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒரே ஆட்டக்காரரை மூன்றிலும் போட்டுப் பார்ப்போம். ஆள் கற்பனை, எண்கள் நடப்புக்கு ஒத்தவை. ஒரு தாக்குதல் மிட்ஃபீல்டர். போன பருவத்தில் 1,800 நிமிடம், அதாவது இருபது முழு ஆட்டத்துக்குச் சமம். 8 கோல், அதில் 4 பெனால்ட்டி. பெனால்ட்டி நீங்கலாக 40 ஷாட். இன்று முதல் பதினொன்றில் இருக்கிறார். 72 நிமிடம் ஆடுவார் என்று வைத்துக்கொள்வோம். எந்த வழியில் போனாலும் கடைசிப் படி ஒன்றுதான்: எதிர்பார்க்கும் கோல் எண்ணிக்கையை (λ) வாய்ப்பாக்கி, அதைத் தலைகீழாக்கினால் லாபம் சேர்க்காத நியாய விலை.

```
p = 1 - e^(-λ)
விலை = 1 / p
```

முதல் வழி பழைய கோல் கணக்கு. 90 நிமிடத்துக்கு 0.4 கோல், 72 நிமிடத்துக்கு 0.32. வாய்ப்பு 27.4%, விலை 3.65. ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது வழி ஷாட் கணக்கு. 90 நிமிடத்துக்கு 2 ஷாட் என்றால் 72 நிமிடத்தில் 1.6. பெனால்ட்டி அல்லாத ஷாட்டில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்று கோலாகும். இவர் பெட்டியின் விளிம்பிலிருந்து அடிக்கிறவர் என்பதால் ஷாட்டுக்கு 0.09 வைக்கிறேன். 1.6 × 0.09 = 0.144. பெனால்ட்டி தனிக் கணக்கு: அணிக்கு ஆட்டத்துக்கு 0.13 பெனால்ட்டி, அது கிடைக்கும்போது இவர் களத்தில் இருக்க வாய்ப்பு 0.8, அடித்தால் கோலாக 0.78. மூன்றையும் பெருக்கினால் 0.081. மொத்தம் 0.225. வாய்ப்பு 20%, விலை 4.96.

3.65 எங்கே, 4.96 எங்கே! வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்தால் சுவாரசியம். பெனால்ட்டி அல்லாத பகுதியில் முதல் வழி 0.16 சொல்கிறது, இரண்டாவது 0.144, பெரிதாக ஒன்றும் இல்லை. பெனால்ட்டிப் பகுதியில் 0.16-க்கு எதிராக 0.081. ஏறக்குறைய முழுச் சண்டையும் அங்கேதான். இருபது ஆட்ட அளவில் 4 பெனால்ட்டி கோல் என்பது அந்த அணிக்கு அந்த வருடம் நடுவர் விசில் அதிகம் ஊதியதன் விளைவு. அடுத்த வருடமும் அப்படியே ஊதுவார் என்று விலை வைக்க முடியாது. பெனால்ட்டி அடிக்கும் பொறுப்பு நிலையானது. பெனால்ட்டி கிடைக்கும் எண்ணிக்கை நிலையற்றது. பொறுப்பை ஆட்டக்காரரிடமிருந்தும், எண்ணிக்கையை லீக் சராசரியை ஒட்டியும் எடுத்துக்கொள்வது என் வழக்கம். அந்தப் பொறுப்பு கைமாறினாலோ, இதே ஆள் 4.96-லிருந்து 7.5-க்குப் போய்விடுவார்.

பொறுப்பு யாரிடம் என்பதும் சில நாள் களத்தில்தான் தெரியும். 2024 ஏப்ரலில் செல்சீ எவர்ட்டனை 6-0 என்று வென்ற ஆட்டத்தில், பெனால்ட்டி கிடைத்ததும் மதுவேக்கேயும் ஜாக்சனும் பந்துக்கு மல்லுக்கு நின்றார்கள். கேப்டன் கல்லாகர் தலையிட்டுப் பந்தை வாங்கி பால்மரிடம் கொடுத்தார். அவர் அதை அடித்து அன்றைய தன் நான்காவது கோலை முடித்தார். பெனால்ட்டி அடிப்போர் பட்டியலில் முதல் பெயர் யார் என்று தெரிந்தாலும் அவரே அடிக்கும் வாய்ப்பை 1.0 என்று போடாமல் 0.9 போடுகிறவர்கள் இருப்பது இதனால்தான்.

மூன்றாவது வழி மேலிருந்து கீழே வருவது. மொத்த கோல், ஹேண்டிகேப் சந்தைகளிலிருந்து இன்று அணி எத்தனை கோல் அடிக்கும் என்று எடுத்து, அதில் இவர் பங்கைக் கொடுப்பது. அணியின் வழக்கமான சராசரி 1.4 என்றால், 0.225 என்பது அதில் 16%. இன்று பலவீனமான எதிரணி, சந்தை 1.9 சொல்கிறது. பங்கு 0.305, விலை 3.80.

பார்த்தீர்களா, முதல் வழி சொன்ன 3.65-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. முதல் வழியை நம்புகிறவர்கள் ‘என் கணக்கு சரியாத்தானே இருக்கு’ என்று சொல்வது இந்த மாதிரி நாட்களில்தான். அடுத்த வாரம் பலமான அணியோடு ஆடும்போது சந்தை 0.9 என்று இறங்கும். மூன்றாவது வழியின் விலை 7.4 ஆகும், முதல் வழி அதே 3.65-இல் அசையாமல் நிற்கும். நின்றுபோன கடிகாரமும் ஒரு நேரம் சரியாகக் காட்டும், அவ்வளவுதான்.

எனவே இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன்: பங்கை ஷாட்டும் பெனால்ட்டியும் சொல்லட்டும், அளவை அணிச் சந்தை சொல்லட்டும். ஒரு திருத்தம் உண்டு. எதிரணி மாறும்போது பெனால்ட்டிப் பகுதியை முழு விகிதத்தில் ஏற்றி இறக்காமல் பாதியளவுதான் மாற்றுவேன். இது என் பழக்கம், விதி அல்ல.

அப்புறம் நிமிடம். நான் பணம் விட்டது இங்கேதான். அணிப் பட்டியல் வராத நிலையில், அவர் முதலிலிருந்து 75 நிமிடம் ஆட 60%, பெஞ்சிலிருந்து வந்து 20 நிமிடம் ஆட 30%, ஆடாமலே இருக்க 10% வாய்ப்பு என்று வையுங்கள். மொத்த சராசரி 51 நிமிடம். அதை இரண்டாவது வழியில் நேரே போட்டு 6.8 என்று விலை எழுதினேன். ஆனால் பெரும்பாலான இடங்களில் ஆள் களத்தில் இறங்காவிட்டால் பந்தயப் பணம் திரும்பிவிடும். அந்த 10% விலைக்குள் வரவே கூடாது. அதை நீக்கி, தொடக்கம், பெஞ்ச் இரண்டுக்கும் தனித்தனியே வாய்ப்பு கணக்கிட்டுச் சேர்த்தால் 6.3 வருகிறது. என் 6.8 தாராளமான விலை. தெரிந்தவர்கள் அதைத்தான் எடுத்தார்கள். பட்டியலில் பெயர் வந்துவிட்டால் அதே ஆள் 4.8. ஷாட்டுக்கு 0.09-ஆ 0.10-ஆ என்று ஒரு மாலை முழுக்க மண்டையைக் குடைவதைவிட, அந்தப் பட்டியல் வெளிவரும் நிமிடத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது மேல்.

விலை எழுதியபின் ஒரு சோதனை. இந்தச் சந்தையில் இரண்டு பேர் ஒரே ஆட்டத்தில் அடிக்கலாம் என்பதால் வாய்ப்புகளைக் கூட்டி 100-ஓடு ஒப்பிட முடியாது. மாறாக ஒவ்வொரு விலையையும் -ln(1 - p) என்று λ ஆக்கி, ஆட வாய்ப்பால் பெருக்கிக் கூட்ட வேண்டும். 3.5 விலை என்றால் p 0.286, λ 0.336. அணிக்கு 1.9 என்றால் கூட்டுத்தொகை அதைவிடச் சற்றே குறைவாக நிற்க வேண்டும். ஓன் கோல் யார் கணக்கிலும் சேராதே. என் தாளில் 2.3 வந்தால், எங்கோ இரண்டு பேருக்கு ஒரே பெனால்ட்டியைக் கொடுத்திருக்கிறேன், அல்லது பதினொரு பேருக்கும் 90 நிமிடம் போட்டுவிட்டு மாற்று ஆட்டக்காரர்களையும் மேலே சேர்த்திருக்கிறேன். முதலில் பெனால்ட்டிக் கட்டத்தைத்தான் திறந்து பார்ப்பேன்.