கடம்பா வாங்கினால் எதை வாங்குவது? ஊசியா, ஓடா, பேயா?

சென்னைக் காசிமேடு மீன் சந்தையில் கணவாயைக் கடம்பா என்று கேட்டு வாங்கும்போது கையில் எது வருகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. நீளமாக, மெலிந்து, உள்ளே பிளாஸ்டிக் தகடு போல ஒளி ஊடுருவும் ஊசி இருந்தால் ஊசிக் கணவாய். அகலமாக, தடித்த சதையோடு, உள்ளே வெள்ளை ஓடு இருந்தால் ஓட்டுக் கணவாய். சித்த மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்பது இந்த ஓட்டைத்தான். ஊசியும் ஓடும் இல்லாமல் எட்டுக் கைகளோடு இருப்பது பேய்க் கணவாய், அதாவது ஆக்டோபஸ். மூன்றில் எதை வாங்கினாலும் சதை பளிச்சென்ற வெள்ளையாக இருக்க வேண்டும். தோலின் நிறம் சதையில் இறங்கி இளஞ்சிவப்பாகிவிட்டால் பழசு.

வீட்டில் தொக்கு வைக்கிறவர்களுக்கு என் ஓட்டு ஓட்டுக் கணவாய்க்குத்தான். ருசி இரண்டாம்பட்சம், காரணம் அடுப்பு நேரம்.

மீன் சதையில் இருப்பதைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு கொலாஜன் என்ற இணைப்புப் புரதம் கணவாய் இனத்துச் சதையில் இருக்கிறது. மெல்லிய தசை நார்களை அது அடுக்கடுக்காகச் சுற்றிப் பிடித்திருக்கிறது. சதையின் சூடு சுமார் 60 டிகிரியைத் தொட்டதும் இந்தக் கொலாஜன் சுருங்கி, ஈரத் துணியைப் பிழிவதுபோல நாருக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. ரப்பர் என்று நாம் திட்டுவது அந்தக் கட்டத்தைத்தான். அதற்கு முன்னாலேயே இறக்கினால் சதை மெதுவாக இருக்கும். இல்லையென்றால் அரை மணி, முக்கால் மணி நேரம் விட வேண்டும். அதே கொலாஜன் கரைந்து பசை போலாகி நாரை விட்டுவிடும். நம் வழக்கமோ வெங்காயம், தக்காளி வதக்கி, கணவாயைப் போட்டு, மூடி பத்துப் பதினைந்து நிமிடம் வைப்பது. குறைந்த நேரமும் இல்லை, நீண்ட நேரமும் இல்லை. சரியாக நடுவில் போய் மாட்டுகிறோம்.

ஊசிக் கணவாய் சதை மெல்லியது என்பதால் குறைந்த நேரச் சமையலுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பிசகுக்கு இடமே தராது. தோலை உரித்து, வளையமாக அரிந்து, துணியால் ஈரம் போக ஒற்றி எடுங்கள். இரும்புச் சட்டியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் அரைக் கிலோவை மூன்று தடவையாகப் பிரித்துப் போடுங்கள். கண்ணாடி போல இருந்த சதை பால் வெள்ளையானதும் எடுத்துவிட வேண்டும். ஒன்றரை நிமிடம் போதும். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் சட்டியின் சூடு இறங்கும், தண்ணீர் விடும், வறுவல் அவியலாகிவிடும். சட்டியடியில் தண்ணீர் தேங்குவதுதான் அடையாளம். அப்படி ஆகிவிட்டால் தூக்கிப் போட வேண்டாம். தண்ணீர் ஊற்றி மூடி, சிறு தீயில் அரை மணிக்கு மேல் விட்டால் மறுபடி மெதுவாகும். வறுவல் போய்விடும், குழம்பு மிஞ்சும்.

ஓட்டுக் கணவாயின் தடிமன் இந்த நீண்ட வழிக்கு ஏற்றது. வெந்த பிறகும் துண்டு துண்டாகவே நிற்கும். அரைக் கிலோவுக்குக் கணக்கு இது. ஓட்டை உருவி, மைப்பை உடையாமல் எடுத்து, தோலை உரித்து, விரல் அகலத்துக்கு அரியுங்கள். மஞ்சள் தூளும் கால் டம்ளர் தண்ணீரும் சேர்த்துக் குக்கரில் நடுத்தீயில் நான்கு விசில். ஆவி தானாக அடங்க வேண்டும். உப்பு இப்போது வேண்டாம், கணவாயிலேயே உப்பு உண்டு. திறந்ததும் ஒரு துண்டை விரலில் நசுக்கிப் பாருங்கள். எதிர்த்துத் துள்ளினால் இன்னும் இரண்டு விசில். இருநூறு கிராம் சின்ன வெங்காயம், இரண்டு தக்காளி, இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த் தூள் எல்லாம் எண்ணெய் பிரிய வதங்கியதும், கணவாயை வெந்த தண்ணீரோடு சேர்த்துச் சுண்ட விடுங்கள். உப்பும் மிளகும் ருசி பார்த்துக் கடைசியில். சுண்டும் நேரம் பத்து நிமிடம் கூடினாலும் குறைந்தாலும் கவலையில்லை; கொலாஜன் ஏற்கெனவே கரைந்துவிட்டதால் திரும்ப ரப்பராகாது. வேறு வேலை பார்த்துக்கொண்டே சமைக்கிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பேய்க் கணவாய் நம் பக்கத்து அடுப்புகளில் அதிகம் ஏறுவதில்லை. பெரிய கைகளுக்குக் குறுக்கு வழி கிடையாது, நீண்ட நேரம் மட்டுமே. ஓரிரு இரவு ஃப்ரீசரில் உறைய வைத்தால் பனித்துகள்கள் நாரைக் கிழித்துப் பாதி வேலையை முடித்துவிடும். கல்லுப்பு போட்டுப் பிசைந்து வழவழப்பைக் கழுவி, தண்ணீர் ஊற்றாமலே மூடிச் சிறு தீயில் வையுங்கள்; தானே விடும் தண்ணீரில் ஒரு கிலோ ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வேகும். கை தலையோடு சேரும் தடித்த இடத்தில் கத்தி உருளைக்கிழங்கில் இறங்குவதுபோல இறங்க வேண்டும். வாங்கும்போதே ஒன்றை நினைவில் வையுங்கள்: வெந்த பிறகு ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும்.